பதினெட்டுப் பங்குதாரர்களும் ஒன்பது மோட்டார்களும்

ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி காலையில், எங்கள் கம்பெனியில் பணம் போட்ட பதினெட்டுப் பேருக்கும் வாட்ஸப்பில் நான் ஒரு அறிக்கை அனுப்புவேன். விற்பனை இவ்வளவு, செலவு இவ்வளவு, வங்கியில் மிச்சம் இவ்வளவு, என்ன கெட்டுப்போனது, அடுத்து உங்களிடம் என்ன வேண்டும். அனுப்பிய பத்து நிமிஷத்தில் பதினெட்டுக் கட்டைவிரல்கள் வந்து நிற்கும். நஷ்டம் குறைந்தாலும் கட்டைவிரல், கூடினாலும் கட்டைவிரல். ஒரு மாதம் குளிர்அறை நின்றுபோய் நாற்பது கிலோ சூரை மீன் நாறி, கொண்டுபோய்க் கொட்டினோம் என்று எழுதினேன். அதற்கும் பதினெட்டு விரல். ஒருவர் மட்டும் கூடுதலாக ஒரு கும்பிடும் கை போட்டிருந்தார். அது மீனுக்கா எனக்கா என்று இன்றுவரை கேட்கவில்லை.

இந்த அறிக்கைப் பழக்கத்தை என் தலையில் கட்டியவன் பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன். "சித்தி, ஊரார் காச வாங்கிட்டு வாய மூடிட்டு இருக்கக் கூடாது. மாசாமாசம் சொல்லிரணும். நல்லத ஒரு வரியில சொல்லுங்க, கெட்டத மூணு வரியில சொல்லுங்க. கெட்டத மறைச்சா ஒரு நாள் மொத்தமா தெரியும், அப்ப ஒருத்தனும் நம்ப மாட்டான்" என்றான். ஐந்து தலைப்பு போட்ட ஒரு படிவமும் அனுப்பினான். அவன் கம்பெனியில் பணம் போட்டவர்கள் அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேட்பார்களாம், ஆள் அறிமுகம் செய்து வைப்பார்களாம். எனக்கும் அப்படி நடக்கும் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

கம்பெனி தொடங்கிய கதை சின்னது. போர்ட் பிளேரில் ஒரு ஹோட்டலில் சாமான் கொள்முதல் செய்யும் பிரிவில் பல வருஷம் இருந்தேன். சுற்றிலும் கடல். ஜன்னலைத் திறந்தால் கடல். ஆனால் சமையலறைக்கு வரும் மீன் சென்னையிலிருந்து கப்பலில், பெட்டி பெட்டியாக உறைந்து வரும் பாசா. எங்கேயோ குளத்தில் வளர்த்த மீன். அதைத்தான் டூரிஸ்ட்டுகள் அந்தமான் மீன் என்று சப்புக்கொட்டிச் சாப்பிட்டுப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பில்லிலும் கையெழுத்துப் போடும்போது எனக்கு வயிறெரியும். நான் தூத்துக்குடிக் கடற்கரைக் குடும்பம். என் அப்பா படகு ஓட்டி வளர்த்த பெண், கப்பலில் வந்த குளத்து மீனுக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஏன் இப்படி என்றால், இங்கே கரைக்கு வரும் மீனைச் சுத்தம் செய்து, முள் நீக்கி, ஒரே அளவாக வெட்டி, தினமும் தவறாமல் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இல்லை. ஹோட்டல்காரனுக்கு மீன் வேண்டாம், நம்பிக்கை வேண்டும். சரி, அதை நாம் செய்வோம் என்று வேலையை விட்டேன். என் சேமிப்பு ஆறு லட்சம். கோயில் ஜெபக்கூட்டம், பத்துபஸ்தித் தெரு, பழைய ஹோட்டல் ஆட்கள் என்று பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒன்பது லட்சம். ஹேடோவில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ஒரு குளிர்அறை வைத்தோம். மீன் வெட்ட நான்கு பெண்கள். நூற்றுக்கு நாற்பது பங்கு என்னுடையது, மிச்சம் அவர்களுடையது. பங்குச் சான்றிதழை ஒருவர் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எனக்கு அன்றைக்கே பயம் வந்திருக்க வேண்டும்.

அந்த நான்கு பெண்களில் ஒருத்தியும் பங்குதாரர். சீட்டு எடுத்து இருபதாயிரம் போட்டவள். பதினெட்டுப் பேரில் மிகச் சின்னத் தொகை அவளுடையதுதான். அவள் பெற்றோர் இலங்கை மலையகத்திலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டத்தில் குடியேறியவர்கள். காசைச் சல்லி என்பாள். அவள் ஒருத்திதான் அறிக்கைக்கு விரல் போடுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "அக்கா, இந்த மாசம் என் சல்லிக்கு என்ன ஆச்சு?" என்று நேராகக் கேட்பாள். கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். நான் சொல்வேன். "ஆ சரி" என்று மறுபடி மீனுக்குப் போய்விடுவாள்.

மற்றவர்களில் பேசுகிற ஆள் ஒருவர்தான். துறைமுக ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மரைன் ஹில்லில் வீடு. ஒன்றரை லட்சம் போட்டிருந்தார். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார், ஆனால் கோபம் வந்தால் மேடம் ஆக்கிவிடுவார். வாழ்நாள் முழுக்க நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுத்தவர். அவருக்கு என் அறிக்கையில் ஒரு விஷயம் மட்டும் ஜீரணமாகவில்லை.

"விற்பனை ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம்ங்கிற. பேங்க்ல அது எங்க?"

"ஹோட்டல்காரங்க ஒன்றரை மாசம் கழிச்சுத்தான் தருவாங்க அண்ணே. தொண்ணூறாயிரம் வெளிய நிக்குது."

"அப்ப அது விற்பனை இல்ல. கடன் குடுத்தது."

"கணக்குல விற்பனைதான்."

"அரே, கணக்குல எல்லாம் இருக்கும். பெட்டியில இருக்கான்னு பாரு."

அவர் சொன்னதில் தப்பும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து விற்றது ஒரு வரி, வசூலானது ஒரு வரி என்று பிரித்துப் போட்டேன்.

நான் சொல்ல வந்தது மழைக்காலத்து அறிக்கை ஒன்றைப் பற்றி. அந்த மாதம் விற்பனை இரண்டு லட்சத்துப் பத்தாயிரம். மீன் வாங்கியது ஒரு லட்சத்து முப்பதாயிரம். நான்கு பேர் சம்பளம், ஆளுக்குப் பன்னிரண்டாயிரம் வீதம், நாற்பத்தெட்டாயிரம். கரண்டும் டீசலும் முப்பத்திரண்டாயிரம். ஷெட் வாடகை பதினைந்தாயிரம். பெட்டி, ஐஸ், தீவுக்குத் தீவு படகுக் கூலி இருபத்தைந்தாயிரம். எனக்குச் சம்பளம் கிடையாது, அது கம்பெனிக்கு நான் செய்த தர்மம். கூட்டிக் கழித்தால் நாற்பதாயிரம் கையைவிட்டுப் போகிறது. வங்கியில் ஒரு லட்சத்து அறுபதாயிரம். இப்படியே போனால் நான்கு மாதம் தாங்கும், ஐந்தாம் மாதம் ஷெட்டுக்குப் பூட்டு. இதை அப்படியே எழுதினேன். பூட்டு என்ற வார்த்தையையும் எழுதினேன்.

தப்பிக்க வழி ஒன்று இருந்தது. சீசனில் மீன் மலிவாகக் கிடைக்கும்போது வாங்கி, வேகமாக உறையவைத்து, கிராக்கியாக இருக்கும்போது விற்பது. அதற்கு உறைய வைக்கும் மெஷின் தனியாக வேண்டும், ஐந்து லட்சம். கடைசித் தலைப்பில், 'அடுத்து உங்களிடம் வேண்டுவது' என்ற இடத்தில், அதை முதல் வேண்டுகோளாகப் போட்டேன். இருக்கிற பங்குதாரர்களுக்கே, அவரவர் பங்கு அளவுக்குப் புதுப் பங்கு. முப்பது நாள் திறந்திருக்கும். வேண்டுமென்றால் வாங்கலாம், வேண்டாமென்றால் விடலாம். சென்னை ஆடிட்டர் தயாரித்த கடிதத்தையும் இணைத்தேன். இந்தக் கடிதத்தில்தான் என் கம்பெனியின் உயிர் இருந்தது.

அதற்குக் கீழே, சும்மா, போகிற போக்கில் இரண்டாவது வேண்டுகோள். குளிர்அறைக்குள்ளே காற்றைச் சுழற்றும் ஃபேன் இரண்டில் ஒன்றின் மோட்டார் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் எரிந்துவிட்டது. பார்சலில் வர வேண்டியது, கப்பல் மழையில் நின்றுவிட்டது. மெயின்லேண்டிலிருந்து பிளேனில் யாராவது வந்தால் ஒன்று வாங்கி வர முடியுமா? மாடல் நம்பர் இது, கடை இருக்கிற தெரு இது, படம் இது, விலை நாலாயிரத்து இருநூறு.

பதினெட்டு விரல்.

இங்கே பிறந்து வளராதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தீவில் பணம் கேட்டால் ஆளுக்கு ஆள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஆனால் மெயின்லேண்டிலிருந்து சாமான் கொண்டு வரச் சொல்லிக் கேட்டால், அதை மறுத்த மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி, மருந்து, கல்யாணப் பட்டு, கிரைண்டர் பெல்ட், எல்லாம் யாரோ ஒருவருடைய பையில்தான் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இன்னொரு விஷயம், ஒரே ஆளிடம் சொல்லிவிட்டு யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். பிளேன் ரத்தாகும், கப்பல் தள்ளிப்போகும், ஆள் மறந்துவிடுவான். அதனால் இரண்டு மூன்று பேரிடம் சொல்லி வைப்பார்கள். இது எனக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

முதல் மோட்டாரை ஒரு டீச்சர் கொண்டுவந்தார். அவர் மருமகன் லக்கேஜில் வந்தது. நான் நெகிழ்ந்துபோய், அங்கேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மெக்கானிக் வங்காளி, என்னை அக்கா என்ற அர்த்தத்தில் தீதி என்பவன், அதை மாட்டி, அறை ஜில்லென்று ஆகி, நாங்கள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது மோட்டார் ஆட்டோவில் வந்து இறங்கியது. அன்று சாயங்காலம் மூன்றாவது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து கோயில் வாசலில் ஒருவர் துணியில் சுற்றிய எதையோ என் கையில் திணித்தார். கனத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. மாதாவே என்றேன். அவர் அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார்.

மொத்தம் ஒன்பது வந்தது. ஒன்பது மோட்டார், ஒன்பது பில். பில்கள் எல்லாம் மச்சான் பேரிலும் மாமன் பேரிலும். ஒருவர்கூட குழுவில் "நான் வாங்கிட்டேன்" என்று எழுதவில்லை. எல்லாரும் விரல் போட்டாயிற்றே, அதற்கு மேல் என்ன எழுத?

"ஒருத்தராவது சொல்லியிருக்கலாமே" என்று நான் அண்ணனிடம் கத்தினேன். ஐந்தாவது மோட்டார் அவருடையது.

"எல்லாரும் தம்ஸ் அப் போட்டா எவன் வாங்குவான்னு யாருக்குத் தெரியும்? அதான் சேஃப்டிக்கு நானும் சொன்னேன்" என்றார். "சரி, அந்த நாலாயிரத்து எறநூற என் புதுப் பங்குல கழிச்சிரு."

அவர் ஒருவர் மட்டுமல்ல. ஒன்பது பேருக்கும் இதே யோசனை. அவர்கள் பார்வையில் கம்பெனியின் வேண்டுகோளை அவர்கள் நிறைவேற்றிவிட்டார்கள். ஐந்து லட்சம் கேட்டாய், மோட்டார் கொடுத்தோம். நான் சென்னை ஆடிட்டரைப் போனில் பிடித்துக் கேட்டேன். அவர் சிரிப்பதை அடக்கிக்கொண்டு, பங்குப் பணம் அவரவர் வங்கிக் கணக்கிலிருந்து கம்பெனிக் கணக்குக்கு வர வேண்டும், சாமானுக்குப் பங்கு கொடுப்பதென்றால் மதிப்பீட்டாளர் அறிக்கை அது இது என்று மோட்டார் விலையைவிடச் செலவாகும், பேசாமல் சாமானுக்குக் காசைக் கொடுத்துத் தொலையுங்கள் என்றார். கொடுத்தேன். ஒன்பது மோட்டாருக்கு முப்பத்தேழாயிரத்து எண்ணூறு ரூபாய். ஐந்து லட்சம் உள்ளே வரக் கேட்டு, முப்பத்தெட்டாயிரத்தை வெளியே அனுப்பிய ஒரே முதலீட்டு வேண்டுகோள் என்னுடையதாகத்தான் இருக்கும்.

முப்பது நாள் முடிந்தது. புதுப் பங்குக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. மோட்டார் கொண்டுவந்தவர்கள் தங்கள் கடமை முடிந்தது என்று இருந்தார்கள். கொண்டுவராதவர்கள் மோட்டார் கொண்டுவராத வெட்கத்தில் ஒதுங்கிக்கொண்டார்கள்.

அழுதிருப்பேன். ஆனால் அந்தச் சமயத்தில் மெக்கானிக் வந்து, "தீதி, ஒரு மோட்டார் தோகி க்யா? பக்கத்து ஐஸ் ஃபேக்டரியில ஜல் கயா" என்றான். அங்கே எரிந்துபோயிற்றாம், ஒன்று தருவாயா என்கிறான். அதே வோல்டேஜ், அதே மழை, அதே வராத கப்பல். எனக்கு எரிந்த மாதிரி ஊரில் எல்லாருக்கும் எரிந்துகொண்டிருந்தது. ஆறாயிரத்து ஐந்நூறு சொன்னேன், ஐஸ் ஃபேக்டரிக்காரர் பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். எட்டில் ஒன்றை எங்களுக்கு இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டு ஏழையும் விற்றேன். கொண்டுபோனவர்கள் எல்லாம் அவசரத்தில் இருந்தவர்கள், கையோடு காசு கொடுத்தார்கள். அந்த ஒன்றரை மாதக் காத்திருப்பு இவர்களிடம் இல்லை. பதினாறாயிரத்து நூறு லாபம். மீன் ஒரு நாளும் தராத லாபம்.

அடுத்த மாத அறிக்கையில் அதை 'இதர வருமானம்' என்று அடியில், சின்னதாகப் போட்டேன். அன்றுதான் முதன்முறையாகக் குழுவில் மனிதர்கள் வார்த்தைகள் எழுதினார்கள். "சபாஷ்." "பஹுத் பஹுத் பதாயி." "மேடம் இன்னும் வாங்கிட்டு வரவா?" டீச்சர் மருமகன் மறுபடி சென்னை போகிறானாம். நான் மேலே எழுதியிருந்த மீன் நஷ்டத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

என்ன செய்வது, இன்னும் வாங்கினோம். இந்தத் தடவை யார் எது வாங்குவது என்று குழுவில் நானே பிரித்துக் கொடுத்தேன். மோட்டார், கெப்பாசிட்டர், கன்ட்ரோலர், கதவு ரப்பர். அண்ணன் தினமும் காலையில் ஷெட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். எது அடிக்கடி போகும், எது வருஷத்துக்கு ஒன்று போகும் என்று மெக்கானிக்கைக் குடைந்து குடைந்து கேட்டு, அதற்குத் தகுந்தபடி எதை எத்தனை வைத்துக்கொள்வது என்று தீர்மானித்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார் மனிதர். அந்த மாதம் ஸ்பேர் வியாபாரத்தில் முப்பத்தெட்டாயிரம் லாபம், மீனில் நாற்பதாயிரம் நஷ்டம். அதற்கடுத்த மாதம் ஸ்பேரில் ஐம்பத்திரண்டாயிரம் லாபம், மீனில் நாற்பத்தைந்தாயிரம் நஷ்டம். கழித்தால் ஏழாயிரம் மிச்சம். கம்பெனி பிறந்ததிலிருந்து முதல் லாபம்.

அந்த அறிக்கையை எழுதும்போது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு நாள் முன்புதான் கன்ட்ரோலர் மாட்டுவதைப் பார்க்க மெக்கானிக்குடன் ஒரு ஹோட்டலுக்குப் போயிருந்தேன். குளிர்அறைக் கதவைத் திறந்தார்கள். அடுக்கடுக்காகப் பாசா. எங்களிடம் மீன் வாங்கிக்கொண்டிருந்த ஹோட்டல்தான் அது. உங்கள் விலை கட்டுப்படியாகவில்லை மேடம், மழை முடியட்டும் பார்க்கலாம் என்றார் மேனேஜர், மரியாதையாக. நான் விற்ற கன்ட்ரோலர் அந்தக் குளத்து மீனைப் பத்திரமாகக் காத்துக்கொண்டிருந்தது. பில்லைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் தேதி அறிக்கை போனது. ஆறாம் தேதி அண்ணன் குழுவில் எழுதினார், மூன்றே வரி. "மீன் இல்லாவிட்டால் லாபம் ஐம்பத்திரண்டு. மீன் இருந்தால் ஏழு. கூட்டம் போடவும்."

ஆடிட்டர் விளக்கினார். கொஞ்சமாக ஸ்பேர் விற்றதை இதர வருமானம் என்று சமாளித்தோம். தொழிலே அதுதான் என்றால் கம்பெனியின் குறிக்கோளை மாற்றித் தீர்மானம் போட வேண்டும். அதற்கு நான்கில் மூன்று பங்கு ஓட்டு தேவை. முதலில் கை தூக்கச் சொல்வார்கள், அதில் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஆனால் பங்குக் கணக்குப்படி எண்ணுங்கள் என்று நான் கேட்டால் எண்ணியாக வேண்டும். அப்படி எண்ணினால் என் நாற்பது சதவீதம் ஒன்றே போதும், தீர்மானம் விழுந்துவிடும். "நீங்க வேணாம்னா வேணாம்தான் மேடம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நாளெல்லாம் நான் பேச வேண்டியதைத் தயார் செய்தேன். கப்பலில் வரும் மீனைப் பற்றி, எங்கள் கடலைப் பற்றி. கடைசியில் அந்த நான்கு பெண்களைப் பற்றி. அதுதான் என் துருப்பு. நாலு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு உங்களுக்கு லாபம் வேண்டுமா என்று கேட்பதாக இருந்தேன். கண்ணாடி முன்னால் நின்று கேட்டும் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. கேட்டுவிட்டுப் பங்குக் கணக்கில் எண்ணச் சொல்லிவிட வேண்டியது, அவ்வளவுதான்.

கூட்டம் ஷெட்டில், முன்பக்கம். பிளாஸ்டிக் நாற்காலிகள். ஊரில் இருந்தவர்கள் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். உள்ளே மற்ற மூன்று பெண்களும் பாறை மீன் வெட்டிக்கொண்டிருக்க, இருபதாயிரம் போட்ட பங்குதாரர் என்ற முறையில் அவள் கையைக் கழுவிவிட்டு வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் தீர்மானத்தைச் சொன்னார். நான் எழுந்தேன். கப்பலும் கடலும் நன்றாகத்தான் போனது, டீச்சர் தலையைக்கூட ஆட்டினார். பிறகு, "இந்த நாலு பொம்பளைங்களப் பாருங்க" என்று ஆரம்பித்தேன்.

"அக்கா" என்றாள் அவள். "எங்களச் சொல்ல வேணாம்."

"இரு, நான் உங்களுக்காகத்தான் பேசுறேன்."

"அதுதானே வேணாங்கிறேன்." அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "மாசாமாசம் நீங்கதானே அக்கா எழுதினீங்க. மீன் நட்டம், மீன் நட்டம்னு. ஒரு மாசமும் பொய் எழுதல்ல. நான் எல்லாம் படிச்சேன். என் இருபதாயிரம் சல்லி அதுக்குள்ளதான் கிடக்குது. எங்க பேரச் சொல்லி அதை முழுக வச்சிராதீங்க. வேலை வேற பாத்துக்கலாம். அந்தச் சீட்ட மறுபடி எடுக்க எனக்கு எத்தனை வருசமாகும்?"

அண்ணன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நாளும் அவர்கள் யாரும் படிப்பதில்லை, விரல் மட்டும்தான் போடுகிறார்கள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். ஒருத்தி படித்திருக்கிறாள். ஒவ்வொரு வரியையும் நம்பியிருக்கிறாள். எனக்கு எதிராகப் பேச அவளுக்கு வேறு எந்தச் சாட்சியும் வேண்டியிருக்கவில்லை, நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

"சரி, ஆதரிக்கிறவங்க கையத் தூக்குங்க" என்றார் அண்ணன்.

அவள் கைதான் முதலில் மேலே போனது. அப்புறம் மற்றவர்கள், ஒவ்வொருவராக, என்னைப் பார்க்காமல். பங்குக் கணக்கில் எண்ணுங்கள் என்று கேட்கலாம். வாயில் வார்த்தை தயாராக இருந்தது. குளிர்அறைக்குள்ளே டீச்சர் கொண்டுவந்த அந்த முதல் மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவளைப் பார்த்தேன். கை அப்படியே நின்றது, இறக்கவில்லை. நானும் தூக்கினேன்.

கூட்டக் குறிப்பு எழுதும் பொறுப்பும் என்னுடையதுதான், வேறு யார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எல்லாரும் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். மீன் வேலை மாதக் கடைசியோடு முடிவதாகப் பேச்சு. அவள் உள்ளே போய், மிச்சமிருந்த பாறையை மற்றவர்களோடு சேர்ந்து வெட்டி முடித்து, பலகையைக் கழுவி நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு நாற்காலியை அவளும் எடுத்துக் கொடுத்தாள்.

"கோவமா அக்கா?"

"இல்ல" என்றேன். கோபம்தான், ஆனால் அவள்மேல் இல்லை.

அவள் கொஞ்ச நேரம் விரலில் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த மாசத்துக்கு அடுத்த மாசம் வார ரிப்போட்டுல எங்க சம்பளம் இருக்காது தானே? நாற்பத்தெட்டாயிரம். அப்ப செலவு குறையும். என் பங்குக்கு நல்லது தானே அக்கா?"

"ஆமாம்" என்றேன். "நல்லதுதான்."

"ஆ சரி" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.